இரண்டு சனிக்கிழமைகள் வேண்டும், மேடம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் துறையின் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் வரத் தொடங்கும். "எங்கள் ப்ராஜெக்ட் வேலை இன்னும் முடியவில்லை. எனவே கல்லூரி நேரத்துக்குப் பிறகும் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே மூன்றோ நான்கோ கையெழுத்து, ஓரத்தில் கைடின் சுருக்கொப்பம். எத்தனை நாள், எந்தக் கருவி, யார் கூட இருப்பார்கள், எதுவும் இருக்காது. படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது, "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுதான். நானும் சில காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். இப்படி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பிறகு பார்க்கலாம்" என்றே அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் விஷயம் வேறு. சென்சார் வைத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கண்காணிக்கும் ப்ராஜெக்ட் என்றால் விடுதி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டே முக்கால்வாசியை முடித்துவிடலாம். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயர் அப்படி முடியாது. அதை ஆய்வக மேசையில், கருவிகளுக்கு நடுவில், இடைவிடாமல் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஏன் என்பதை ஒரு மாணவி தன் கடிதத்தில் அழகாக எழுதியிருந்தார். அதைப் பெற்றுக்கொண்ட பொறுப்பாளர் என் பழைய சக ஆசிரியை. பெயர்களை மறைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்த கடிதம் தமிழில் இப்படி வரும்:

"பொருள்: 20 வாட் ஆம்ப்ளிஃபயரின் வெப்பச் சோதனைக்காக இரண்டு சனிக்கிழமைகள் ஆய்வக மேசை ஒன்று வேண்டுதல்.

மதிப்பிற்குரிய மேடம்,

நாங்கள் மூவரும் செய்துவரும் ஆம்ப்ளிஃபயரின் போர்டு தயாராகி, குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்கிறது. மீதமிருப்பது அது சூடான பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை. ஹீட்சிங்க் தன் இறுதிச் சூட்டை எட்ட ஏறத்தாழ 45 நிமிடம் ஆகிறது. ஆறவும் அதே நேரம். பயாஸை ஒரு முறை மாற்றிச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். எங்கள் ப்ராஜெக்ட் பீரியடு 50 நிமிடம் என்பதால் ஒரு சோதனையைக்கூட முடிக்க முடியவில்லை. வார நாட்களில் மாலை கல்லூரிப் பஸ் கிளம்பிவிடுகிறது.

ஆகவே அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் காலை 9.30 முதல் மாலை 4 வரை ஒரு மேசை வேண்டும். ஒரு சி.ஆர்.ஓ., ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஒரு ஆர்.பி.எஸ். போதும். லோடு ரெசிஸ்டர்கள், டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு மல்டிமீட்டர் எங்களுடையவை. முதல் சனிக்கிழமை பயாஸும் வெப்பமும். இரண்டாவது சனிக்கிழமை மறுசோதனையும் அதிர்வெண் அளவீடும். ஏதாவது எரிந்துபோனால் மாற்ற, அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறோம்.

230 வோல்ட் இணைப்பு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பயாஸ் அளவை பேட்டரி மல்டிமீட்டரில் மட்டுமே எடுப்போம், சி.ஆர்.ஓ.வின் கிரவுண்ட் கிளிப்பை போர்டின் கிரவுண்டைத் தவிர வேறெங்கும் மாட்ட மாட்டோம். மேசையில் எப்போதும் இருவராவது இருப்போம்."

இவ்வளவுதான் கடிதம். 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும் ஒரே பக்கம். எங்களுக்கு மதிப்பெண் முக்கியம், எதிர்காலம் முக்கியம் என்ற புலம்பல் எங்கும் இல்லை.

இதில் இருக்கும் 45 நிமிடம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அதை முன்னே தள்ளும் மின்னோட்டத்தை ஒரு டிரான்சிஸ்டர் தருகிறது. பின்னே இழுக்கும் மின்னோட்டத்தை இன்னொன்று. இவர்கள் போட்டிருந்தது டி.ஐ.பி. 41சி, டி.ஐ.பி. 42சி என்ற ஜோடி. ஒருவர் வேலையை முடித்து மற்றவரிடம் ஒப்படைக்கும் அந்தக் கணத்தில், அதாவது அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது, இருவருமே மூடிக் கிடந்தால் அலையில் ஒரு சின்னப் படி விழும். மெல்லிய இசையில் அது கரகரப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, ஒலி எதுவும் வராதபோதும் இரண்டையும் இம்மியளவு திறந்தே வைக்கிறார்கள். இவர்கள் வைத்திருந்தது 50 மில்லி ஆம்பியர். இப்படித் திறந்து வைப்பதற்குத்தான் பயாஸ் என்று பெயர்.

இந்த இம்மியளவை ஒரு முறை திருகி வைத்துவிட்டுப் போக முடிந்தால் யாரும் கடிதம் எழுத வேண்டியதில்லை. சிக்கல் சூட்டில் இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்று திறப்பதற்கு அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 வோல்ட் சொச்சம் தர வேண்டும். அது ஒரு டிகிரி சூடேறினால் அந்தத் தேவை 2 மில்லி வோல்ட் குறையும். நாம் தருவது மாறாமல் இருக்க, அதற்குத் தேவையானது குறைந்துகொண்டே போனால், டிரான்சிஸ்டர் தானாக மேலும் திறந்துகொள்ளும். மேலும் திறந்தால் மேலும் சூடு. மேலும் சூடானால் மேலும் திறப்பு. 35 டிகிரி ஏறினால் ஒரு டிரான்சிஸ்டருக்கு 70 மில்லி வோல்ட், ஜோடிக்கு 140. இவர்களுடைய சர்க்யூட்டில் எமிட்டரில் இருந்த தடை 0.22 ஓம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியர் 200 வரை ஏறும். சும்மா இருக்கும்போதே இரண்டரை வாட் சூடு கிட்டத்தட்ட பத்து வாட் ஆகும். அந்தப் பத்து வாட் சூட்டை இன்னும் கூட்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதைப் புகை வந்த பிறகுதான் பல குழுக்கள் தெரிந்துகொள்கின்றன.

கட்டுப்படுத்த வழி உண்டு. பயாஸை நிர்ணயிக்கும் சின்ன டிரான்சிஸ்டரை, இவர்கள் விஷயத்தில் பி.டி. 139, அதே ஹீட்சிங்கில் திருகிவிட வேண்டும். பெரிய டிரான்சிஸ்டர்கள் சூடாகும்போது அதுவும் சூடாகி, தான் தரும் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். ஒன்று திறக்கப் பார்க்கும், இன்னொன்று பிடித்து இழுக்கும். இந்த இரண்டும் சரியாக ஈடுகட்டுகின்றனவா என்பது ஹீட்சிங்க் முழுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அந்த முழுச் சூடு உடனே வராது. அலுமினிய ஹீட்சிங்க் தோசைக்கல் மாதிரி. காயவும் நேரம் எடுக்கும், அடுப்பை அணைத்த பிறகு ஆறவும் நேரம் எடுக்கும். இவர்கள் வாங்கியிருந்தது 300 கிராம் எடை. ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல் வேண்டும் என்பதால், இந்தத் துண்டு முழுவதையும் ஒரு டிகிரி ஏற்ற 270 ஜூல். அது ஒவ்வொரு வாட் சூட்டுக்கும் அறைச் சூட்டைவிட 2.5 டிகிரி மேலே போய் நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 675 விநாடி, அதாவது 11 நிமிடம். இந்த 11 நிமிடத்தில் மொத்த ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக வந்திருக்கும். இதைப்போல நாலு மடங்கு நேரம் காத்திருந்தால்தான் 98 சதவீதம். நாலு பதினொன்று நாற்பத்து நாலு. கடிதத்தில் இருந்த 45 நிமிடம் இதுதான். அந்த மாணவி கணக்கை மட்டும் நம்பவில்லை; கடிதம் எழுதும் முன்பே ஒரு தெர்மோமீட்டரை ஹீட்சிங்கில் ஒட்டி, கிடைத்த பீரியடில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து, 50 நிமிடம் முடிந்தபோது கோடு அப்போதுதான் தட்டையாகத் தொடங்கியிருந்ததைக் கண்டிருந்தார். அந்த வரைபடத்தையும் கடிதத்தோடு பின் செய்திருந்தார். என் பழைய சக ஆசிரியை கையெழுத்துப் போட்டது அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, பத்து பீரியடு கொடுத்தாலும் இந்த வேலை நடக்காது. தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கொடுத்தால் நடக்கும். மேசை நேரம் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். 'கூடுதல் நேரம்' என்று கேட்டால் பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடு நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார். இரண்டு பேருக்கும் நிம்மதி, ஆம்ப்ளிஃபயர் மட்டும் அப்படியே இருக்கும்.

எவ்வளவு சத்தத்தில் ஓட்டிச் சூடாக்குவது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 20 வாட் ஆம்ப்ளிஃபயர் 20 வாட் கொடுக்கும்போதுதான் மிகவும் கொதிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இவர்களுடையது மேலும் கீழும் 24 வோல்ட் சப்ளையில், 8 ஓம் லோடில் ஓடியது. 20 வாட் வெளியே போகும்போது சப்ளையிலிருந்து 34 வாட் எடுக்கிறது. மிச்சம் 14 வாட் டிரான்சிஸ்டர்களில் சூடாகிறது. சத்தத்தைக் குறைத்து 10 வாட்டுக்கு வந்தால் எடுப்பது 24 வாட். மிச்சம் அதே 14 வாட். வெளியே போவது பாதியானாலும் உள்ளே சூடு குறையவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அது இன்னும் ஒரு பிசுக்கு அதிகம். ஆகவே 10 வாட்டில் ஓட்டினாலே கடுமையான சோதனைதான். லோடு ரெசிஸ்டர்களுக்கும் பாதிச் சுமை. 14 வாட்டை இரண்டரையால் பெருக்கினால் 35 டிகிரி. 32 டிகிரி இருக்கும் ஆய்வகத்தில் ஹீட்சிங்க் 67-இல் போய் நிற்க வேண்டும். விரலை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்காது.

இந்தச் சூடேற்றும் சங்கதி கல்லூரிகள் கண்டுபிடித்ததல்ல. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் கம்பெனிகள் விளம்பரத்தில் வாட் கணக்கை இஷ்டத்துக்கு ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தன. 1974-இல் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது: அறிவிக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே முழுத் திறனை அளக்க வேண்டும். கம்பெனிகள் அதைக் கேட்டு அலறின. 2000-இல் மூன்றில் ஒன்று எட்டில் ஒன்றாகத் தளர்த்தப்பட்டது. இங்கே அப்படியொரு விதி வீட்டுக்குள் வந்திருந்தால், ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் டப்பாக்களில் ஆயிரக்கணக்கில் அச்சான 'பி.எம்.பி.ஓ.' வாட்டுகள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துச் சிரிக்கலாம்.

இனி பொறுப்பாளரின் பக்கம். ஆய்வகத்தின் ஒவ்வொரு கருவியும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அவர் பெயரில் இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது பழுதான சி.ஆர்.ஓ.வுக்கு விளக்கம் எழுதுவது அவர். அதனால் மாணவி எழுதிய கடைசிப் பத்தி அவருக்கு முதல் பத்தி.

அதிலும் அந்த கிரவுண்ட் கிளிப் வரி. சி.ஆர்.ஓ.வின் புரோபில் தொங்கும் முதலைவாய்க் கிளிப் கருவிக்குள்ளே நேராக மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கிறது. அதை சர்க்யூட்டில் எங்கே மாட்டினாலும் அந்த இடம் எர்த் ஆகிவிடும். பயாஸை அளக்க எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே பார்க்க வேண்டும். அவசரக்காரர் புரோபை ஒரு முனையிலும் கிளிப்பை மறு முனையிலும் மாட்டுவார். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் அந்த நொடியே எர்த்தில் ஷார்ட் ஆகும். 'டப்' என்று ஒரு சத்தம். பெரும்பாலும் ஜோடியும் டிரைவரும் சேர்ந்தே போகும். இதற்குப் பயந்து சி.ஆர்.ஓ. ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் ஒரு கெட்ட பழக்கமும் ஆய்வகங்களில் உண்டு. அப்போது டிரான்சிஸ்டர் தப்பிக்கலாம், ஆனால் சி.ஆர்.ஓ.வின் இரும்பு உடலே மின்சாரம் பாயும் இடமாகிவிடும், தொடுகிறவர் மாட்டிக்கொள்வார். மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவதால் எர்த்தோடு உறவில்லை. ஆகவே பயாஸ் மல்டிமீட்டரில், அலை சி.ஆர்.ஓ.வில். இதைத் தாங்களே எழுதிக் கொடுத்த மாணவர்களிடம் சாவியைக் கொடுக்கலாம்.

230 வோல்ட் பெட்டி எதற்கு, ஆர்.பி.எஸ். போதாதா என்று பொறுப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லூரி ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் ஆர்.பி.எஸ். 30 வோல்ட், 2 ஆம்பியர் தரும். முதல் முறை போர்டுக்கு உயிர் கொடுக்க அதைவிடப் பத்திரமானது கிடையாது. மின்னோட்டத்தை 100 மில்லி ஆம்பியருக்குக் கட்டி வைத்துவிட்டால் தப்பான இணைப்பு இருந்தாலும் எதுவும் எரியாது. ஆனால் 20 வாட்டில் 8 ஓம் லோடுக்கு அலையின் உச்சியில் 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அங்கே ஆர்.பி.எஸ். கையை விரிக்கும், அலையின் தலை தட்டையாகும். மாணவர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்தான் கிளிப் ஆகிறது என்று எண்ணி, சரியாக இருக்கும் சர்க்யூட்டைக் கலைத்துப் போடுவார்கள். ஆர்.பி.எஸ்.ஸின் முகப்பில் மின்னோட்ட வரம்பைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். 20 வாட் அளவீடு செய்ய 18-0-18 டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கண்டென்சர்களும் தேவை. கடிதத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். நேரில் சொல்லிச் சமாளித்தார்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் பாராட்ட வேண்டும். 'டிஸ்டார்ஷனை அளக்கப் போகிறோம்' என்று அவர்கள் எழுதவில்லை. பல ப்ராஜெக்ட் அறிக்கைகளில் 'டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம்' என்று மின்னும். ஆய்வக ஃபங்ஷன் ஜெனரேட்டர் தரும் சைன் அலையிலேயே அரை, ஒரு சதவீதம் கலப்படம் இருப்பது சகஜம். படம் காட்டும் டிஜிட்டல் சி.ஆர்.ஓ. அலையின் உயரத்தை 256 படிகளாகத்தான் பிரிக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பத்தாயிரத்தில் ஒரு பங்கை அளந்தேன் என்றால், வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார். அந்தக் கருவிகளில் நம்பிப் பார்க்கக்கூடியது பூஜ்யத்தில் விழும் படி கண்ணுக்குத் தெரிகிறதா, உச்சி எங்கே தட்டையாகிறது, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பெருக்கம் எவ்வளவு மாறுகிறது ஆகியவைதான். அவ்வளவுக்குத்தான் நேரம் கேட்டார்கள்.

அனுமதி கிடைத்தது. முதல் சனிக்கிழமை திட்டப்படி நடக்கவில்லை.

ஸ்பீக்கருக்குப் பதில் லோடாக வைக்க, 8.2 ஓம் 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர்கள் நான்கைக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டிரண்டாகத் தொடராக்கி, பிறகு பக்கவாட்டில் இணைத்தால் அதே 8.2 ஓம், ஆனால் 40 வாட் தாங்கும். எல்லாம் இணைத்து ஆன் செய்தபோது சிக்னல் கொடுக்காமலே ஹீட்சிங்க் சுடத் தொடங்கியது. பயாஸ் ஏறிவிட்டது என்று திருகாணியைக் குறைத்தார்கள், சூடு குறையவில்லை. உள்ளே வந்த லேப் அசிஸ்டென்ட் சி.ஆர்.ஓ. திரையை எட்டிப் பார்த்து, "ஏம்மா, கோடு ஏன் இவ்வளவு தடியா இருக்கு? டைம்பேஸை இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்தால் அந்தத் தடித்த கோடு பல மெகா ஹெர்ட்ஸில் துடிக்கும் ஓர் அலை. காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

காரணம் சர்க்யூட் படத்தில் இல்லை, ஒயரில் இருந்தது. ஹீட்சிங்கை வசதிக்காகத் தள்ளி வைத்து, டிரான்சிஸ்டர்களை ஒரு சாண் நீள ஒயர்களில் போர்டோடு இணைத்திருந்தார்கள். அவ்வளவு நீள ஒயர் அந்த வேகத்தில் ஒரு சுருள்போல நடந்துகொள்ளும். பின்னூட்டமாகத் திரும்பிவரும் சிக்னல் தாமதமாகி, அடக்க வேண்டிய இடத்தில் தூண்டிவிடும். ஒயர்களை இரண்டு விரற்கடைக்குக் குறைத்தார்கள். அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போக வேண்டிய 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் போர்டிலேயே இல்லை. 'ஸ்பீக்கருக்கு அது தேவையில்லை' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் போட்டதும் கோடு மெலிந்தது. மணி பன்னிரண்டே கால். மாலைக் கல்லூரி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைத்திருந்தால் அந்த மணி நேரம் முழுக்க இதற்கே போயிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அசல் சோதனை. குளிர்ந்த நிலையில் இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே 22 மில்லி வோல்ட், 0.44 ஓமால் வகுத்தால் வேண்டிய 50 மில்லி ஆம்பியர். 10 வாட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டினார்கள். சிக்னல் ஓடும்போது பயாஸைப் பார்க்க முடியாது. மீட்டர் லோடு மின்னோட்டத்தையும் சேர்த்துக் காட்டும். ஃபங்ஷன் ஜெனரேட்டரைத் துண்டித்த கையோடு மீட்டரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் 61. கிட்டத்தட்ட 140 மில்லி ஆம்பியர். கணக்கில் வந்த 200 அளவுக்கு ஓடிப்போகவில்லை. ஆனால் ஈடுகட்டல் பாதிதான் நடக்கிறது. பி.டி. 139-ஐத் தேடிப் பார்த்தால் அது ஹீட்சிங்கில் இல்லை. போர்டில், ஹீட்சிங்குக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்று, அடிக்கிற அனலை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. மைக்கா வாஷர், தெர்மல் பேஸ்ட், நடுவில் ஒரு திருகாணி. அதை மாட்டி முடிப்பதற்குள் மணி நாலு.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் அதே சோதனை. குளிரில் 22, சூட்டில் 27. கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியும் 27-ஐத் தாண்டவில்லை. ஹீட்சிங்க் 66 டிகிரி. பிற்பகலில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றி முழுத் திறன் பார்த்தார்கள். சுமை ஏறியதும் சப்ளை 24-இலிருந்து ஒன்றரை வோல்ட் இறங்கியது. அப்படியும் 20 வாட்டுக்கு வேண்டிய 18 வோல்ட் உச்சி முழுதாக வந்தது. அதற்கு மேல் சற்றே திருப்பியதும் தலை தட்டையாகத் தொடங்கியது. அதிர்வெண் அளவீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கும் முன் பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தார். பிரைமரியில் ஃப்யூஸ் இல்லை. "மத்ததெல்லாம் எழுதினியேம்மா, இதை விட்டுட்டியே. ஒரு ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு ஆன் பண்ணு" என்று சொல்லிவிட்டு, அது வரும் வரை பெட்டியைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். வாங்கிவர ஒரு மணி நேரம் ஆனது. கேட்டிருந்த நேரத்தில் அதற்கும் இடம் இருந்தது.